குளத்தில் எத்தனை மீன்? குறி வைத்து மறுபடி பிடித்துக் கணக்கிடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போன வருஷம் குஞ்சு விட்ட கணக்கு என்னிடம் இருக்கிறது. அதுவே போதாதா?

போதாது. விட்டது 2000 என்றால் இப்போது இருப்பதும் 2000 என்று எந்தக் குளமும் உறுதி சொல்லாது. விட்ட முதல் வாரத்திலேயே ஒரு பங்கு செத்திருக்கும், சின்னதாக இருக்கும்போது தண்ணீர்ப் பாம்பும் கொக்கும் எடுத்திருக்கும், விரால் உள்ளே இருந்தால் அது தனிக் கணக்கு, மழைக்கு மடை வழியாகப் போனது வேறு. செத்து மிதப்பதை மட்டும் எண்ணிக் கழிப்பவர்கள் உண்டு. ஆனால் சாகும் குஞ்சுகளில் பெரும்பாலானவை நம் கண்ணில் படுவதே இல்லை. தீனியை மீனின் மொத்த எடையை வைத்துத்தான் போடுகிறோம் என்பதால் எண்ணிக்கை தெரியாமல் போடும் தீனி ஒன்று வீணாகி அடியில் அழுகும், இல்லையென்றால் மீன் பட்டினி கிடக்கும்.

குளத்தை வற்றவைக்காமல், எல்லாவற்றையும் பிடிக்காமல் எப்படி எண்ண முடியும்?

விகிதம்தான். இன்றைக்குக் கொஞ்சம் மீனைப் பிடித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு குறி வைத்து, உயிரோடு திரும்ப விடுகிறோம். அவை மற்ற மீன்களோடு நன்றாகக் கலந்த பிறகு மறுபடி வலை போடுகிறோம். இரண்டாவது வலையில் வந்ததில் பத்தில் ஒன்று குறி மீன் என்றால், குளம் முழுவதிலும் பத்தில் ஒன்றுதான் குறி மீன் என்று எடுத்துக்கொள்கிறோம். நாம் குறி வைத்தது எத்தனை என்று தெரியும், அதைப் பத்தால் பெருக்கினால் குளத்து மீன் எண்ணிக்கை.

```
N = M × C / R
```

M என்பது முதலில் குறி வைத்து விட்டவை. C என்பது இரண்டாம் முறை பிடித்த மொத்தம். R என்பது அந்த C-க்குள் இருந்த குறி மீன்கள். N-தான் நாம் தேடும் எண். இந்தப் பக்கத்தில் உங்களுக்கு ஒரே ஒரு எழுத்து நினைவில் நிற்க வேண்டும் என்றால் அது R ஆக இருக்கட்டும். M-உம் C-உம் நம் உழைப்பைப் பொறுத்தவை, எவ்வளவு வேண்டுமானாலும் கூட்டிக்கொள்ளலாம். R மட்டும்தான் குளம் நமக்குத் தரும் பதில்.

கணக்கை ஒரு குளத்தை வைத்துச் சொல்லுங்களேன்.

ஒரு ஏக்கர் குளம், ரோகு மட்டும் என்று வைத்துக்கொள்வோம். முதல் நாள் இழுவலை போட்டு 120 மீனுக்குக் குறி வைத்து விட்டோம். ஒரு வாரம் கழித்து 150 மீன் பிடித்தோம், அதில் 18 குறி மீன்.

120-ஐ 150-ஆல் பெருக்கினால் 18000, அதை 18-ஆல் வகுத்தால் 1000. ஆயிரம் மீன் என்று பார்க்க அழகாக இருக்கிறது, அந்த அழகில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். அதே குளத்தில், அதே உழைப்பில், வலையில் 18-க்குப் பதில் 12 குறி மீன் வந்திருந்தால் விடை 1500. 24 வந்திருந்தால் 750. இந்த ஏற்ற இறக்கம் வெறும் தற்செயலாலேயே வரக்கூடியது, யாரும் எந்தத் தப்பும் செய்யத் தேவையில்லை. இன்னும் ஒன்று: அன்றைக்கு அவசரத்தில் ஒரே ஒரு குறி மீனைக் கவனிக்காமல் விட்டு 17 என்று எழுதியிருந்தால் விடை 1059. ஒரு மீனைத் தவறவிட்டதற்குக் கணக்கில் 59 மீன் கூடுகிறது.

அதனால் விடையை ஒற்றை எண்ணாகச் சொல்லாமல் எல்லையோடு சொல்ல வேண்டும். அதற்கு முன் சூத்திரத்தில் ஒரு சின்னத் திருத்தம் இருக்கிறது, அடுத்த கேள்வியில் அதைப் பார்ப்போம்.

சில இடங்களில் எல்லாவற்றோடும் ஒன்றைக் கூட்டி எழுதியிருக்கிறார்கள். ஏன்?

அது சாப்மன் என்ற புள்ளியியலாளர் 1951-இல் தந்த திருத்தம்.

```
N = (M + 1)(C + 1) / (R + 1) - 1
```

R கீழே, வகுக்கும் இடத்தில் இருக்கிறது. R தற்செயலாகக் குறைந்தால் விடை எகிறுகிறது, கூடினால் விடை அதே அளவுக்கு இறங்குவதில்லை. மேலே பாருங்கள், 18-இலிருந்து ஆறு குறைந்தபோது விடை 500 ஏறியது, ஆறு கூடியபோது 250-தான் இறங்கியது. இப்படிப் பலமுறை செய்து சராசரி எடுத்தால் அது உண்மையான எண்ணுக்கு மேலேயே நிற்கும். ஒன்றைக் கூட்டுவது அந்தச் சாய்வைப் பெரும்பாலும் சரிசெய்துவிடுகிறது. நம் குளத்துக்கு 121 × 151 / 19 - 1, அதாவது சுமார் 961.

இதன் நிச்சயமின்மையை அளக்கவும் ஒரு சூத்திரம் உண்டு:

```
V = (M+1)(C+1)(M-R)(C-R) / ((R+1)^2 (R+2))
```

இதில் நம் எண்களைப் போட்டு வர்க்கமூலம் எடுத்தால் சுமார் 185 வரும். அதை இரண்டால் பெருக்கி இரு பக்கமும் வைத்தால், ஏறத்தாழ 600 முதல் 1300 வரை. இதை நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து முறை உண்மை உள்ளே இருக்கும்படியான எல்லை என்று எடுத்துக்கொள்ளலாம், கரடுமுரடான எல்லைதான். சரியாகப் பார்த்தால் மேல்பக்கம் இன்னும் நீளும், கீழ்ப்பக்கம் கொஞ்சம் சுருங்கும், காரணம் மேலே சொன்ன அதே சாய்வு.

இவ்வளவு அகலமா என்று கேட்பீர்கள். ஆமாம், இவ்வளவு அகலம்தான். மீன் ஒன்று சராசரி 400 கிராம், தீனி உடல் எடையில் 2 சதவீதம் என்றால், 961 மீனுக்கு நாளைக்குச் சுமார் 7.7 கிலோ. கீழ் எல்லை சரி என்றால் 4.8 கிலோ போதும், மேல் எல்லை என்றால் 10 கிலோவுக்கு மேல் வேண்டும். இந்த வித்தியாசத்தை ஒளித்துவைத்துவிட்டு "961 மீன்" என்று நோட்டில் எழுதுவதில் எனக்குச் சம்மதமில்லை.

எத்தனை மீனுக்குக் குறி வைத்தால் நம்பகமான விடை வரும்?

எத்தனைக்குக் குறி வைத்தோம் என்பதைவிட எத்தனை குறி மீன் திரும்ப வரும் என்பதைத் திட்டமிடுங்கள். எளிய வழி இது: R-இன் வர்க்கமூலத்தால் ஒன்றை வகுத்தால் வருவதுதான் ஏறத்தாழ உங்கள் பிழை வீதம். 4 குறி மீன்தான் வந்தது என்றால் பாதிக்குப் பாதி பிழை, அந்த விடையை வைத்து ஒரு மூட்டைப் புண்ணாக்குகூட வாங்க மாட்டேன். 25 வந்தால் ஐந்தில் ஒரு பங்கு. 100 வந்தால் பத்தில் ஒரு பங்கு. பிழையைப் பாதியாக்க நான்கு மடங்கு குறி மீன் வேண்டும், இதற்குக் குறுக்குவழி கிடையாது.

திட்டமிட, குளத்தில் தோராயமாக எத்தனை இருக்கும் என்று ஒரு ஊகம் வேண்டும். ஊகம் 1000, எனக்கு R 25 வேண்டும் என்றால், M-ஐயும் C-ஐயும் பெருக்கினால் 25,000 வர வேண்டும். 160-க்குக் குறி வைத்து 160 பிடிக்கலாம், அல்லது 100-க்குக் குறி வைத்து 250 பிடிக்கலாம். கணக்குக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் குறி வைப்பது மீனுக்கு வேதனை, நமக்கும் நேரம் பிடிக்கும் வேலை, இரண்டாம் முறை வெறுமனே எண்ணிவிட்டு விட்டுவிடலாம். அதனால் கை முடியாத நாளில் C-ஐக் கூட்டுவதே எனக்குப் பிடிக்கும்.

குறி என்றால் எப்படி? பெயின்ட் அடிக்கலாமா, நூல் கட்டலாமா?

இரண்டும் வேண்டாம். பெயின்ட் மீனின் வழவழப்பில் நிற்காது, நூல் வலையிலும் செடியிலும் சிக்கும். பண்ணைக் குளத்துக்குத் துடுப்பின் நுனியைச் சின்னக் கத்தரிக்கோலால் வெட்டுவதுதான் எளிது. செட்டை என்றும் சொல்வார்கள். கெண்டை வகைகளுக்கு வயிற்றுப் பக்கம் ஜோடியாக இருக்கும் துடுப்பில் இடதுபக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள், பாதிக்குக் கீழே, நேராக ஒரே வெட்டு. வாலை வெட்டுவது கண்ணுக்குச் சுலபமாகத் தெரியும் என்று செய்வார்கள், ஆனால் வலையில் அடிபட்டு வால் கிழிந்த மீன் எல்லாக் குளத்திலும் இருக்கும். பிறகு எது நாம் வெட்டியது, எது தானாகக் கிழிந்தது என்று தெரியாது. நேர்வெட்டும் கிழிசலும் விளிம்பில் வித்தியாசமாகத் தெரியும் என்றாலும் 150 மீனை அவசரமாகப் பார்க்கும்போது கண் ஏமாற்றும். இதைச் சரிபார்க்க ஒரு நல்ல வழி: முதல் வலையிலேயே, குறி வைப்பதற்கு முன், நீங்கள் தேர்ந்தெடுத்த துடுப்பு ஏற்கெனவே சேதமாக இருக்கும் மீன் எத்தனை என்று எண்ணிவிடுங்கள். இரண்டு மூன்று தென்பட்டாலே வேறு துடுப்புக்கு மாறிவிடுங்கள்.

வெட்டிய துடுப்பு மறுபடி வளரும். ஒரு மாதத்துக்கு மேல் தள்ளிப்போட்டால் குறி மங்கத் தொடங்கும். நம் வேலை ஒரு வாரத்தில் முடிவதால் அது பிரச்சினை இல்லை, பல மாதம் தொடர்ந்து கவனிக்க வேண்டும் என்றால்தான் எண் போட்ட அட்டையோ உள்ளே செலுத்தும் சில்லோ தேவைப்படும்.

குறி வைக்கும்போது மீன் சாகாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது?

முந்தைய நாள் தீனி நிறுத்துங்கள். வயிறு நிறைந்த மீன் கையாளுவதைத் தாங்காது. நேரம் முக்கியம், வெயில் ஏறுவதற்கு முன் முடிக்க வேண்டும். ஆனால் விடிந்ததும் விடியாததுமாக வலை போடாதீர்கள், இரவு முழுக்கப் பாசியும் மீனும் ஆக்சிஜனை எடுத்துக்கொண்டதால் தண்ணீரில் அது ஆகக் குறைவாக இருப்பது அந்த நேரத்தில்தான். மீன் மேலே வந்து வாயைத் திறந்து திணறுகிறது என்றால் அன்றைக்கு வேலையே வேண்டாம், மேகமூட்டமான நாளிலும் வேண்டாம். சூரியன் எழுந்து ஒன்றிரண்டு மணி நேரம் கழித்துத் தொடங்கி, வெயில் சுடுவதற்குள் முடிப்பது சரியாக வரும்.

பிடித்ததைக் கரையில் கொட்டாமல் தண்ணீரிலேயே கட்டிய ஹாப்பா என்ற வலைக்கூண்டுக்குள் விடுங்கள். ஒரு ஆள் பிடித்துக் கொடுக்க, ஒருவர் வெட்ட, ஒருவர் எண்ணி எழுத என்று மூன்று பேர் வேண்டும். கை எப்போதும் ஈரமாக இருக்க வேண்டும், காய்ந்த கை வழவழப்பை உரித்துவிடும், அங்கேதான் பிறகு பூஞ்சை பிடிக்கும். ஒரு மீன் தண்ணீருக்கு வெளியே அரை நிமிடத்துக்கு மேல் இருக்கக் கூடாது. வெட்டியதை லிட்டருக்கு 20-30 கிராம் கல் உப்புக் கரைத்த வாளியில் ஒரு நிமிடம் முக்கி எடுத்து, அதன் பிறகு விடுவது நல்லது.

விடும்போது ஒரே மூலையில் கொட்டிவிடாமல் குளத்தின் நான்கு பக்கமும் பிரித்து விடுங்கள். சாய்ந்து மிதக்கும் மீனை விடவே விடாதீர்கள், M-இலிருந்து கழித்துவிடுங்கள். M என்பது உயிரோடு, நல்ல நிலையில் தண்ணீருக்குப் போனவற்றின் எண்ணிக்கை மட்டுமே.

விட்ட பிறகு கண்ணுக்குத் தெரியாமல் சில குறி மீன் செத்துவிட்டால்?

விடை உண்மையைவிடக் கூடுதலாக வரும். நாம் 120 குறி மீன் குளத்தில் இருப்பதாக நினைக்கிறோம், உண்மையில் 108-தான் இருக்கிறது, அதனால் வலையில் குறைவாக வருகிறது, குறைவாக வந்ததும் "ஓ, மீன் அதிகமாக இருக்கிறது போல" என்று கணக்கு சொல்கிறது. பத்து சதவீதக் குறி மீன் செத்தால் விடை ஏறத்தாழ பத்து சதவீதம் பொய்.

இதைக் கண்டுபிடிக்க வழி உண்டு. குறி வைத்த 20 மீனையும், அதே வலையில் வந்த ஆனால் வெட்டப்படாத 20 மீனையும் தனி ஹாப்பாவில் இரண்டு நாள் வைத்திருங்கள். குறி வைத்ததில் 2 செத்து, வெட்டாதவற்றில் எதுவும் சாகவில்லை என்றால், 120-ஐ 108 ஆக்கிக் கணக்கிடுங்கள். இரண்டு பக்கமும் சமமாகச் செத்தால் பிரச்சினை கத்தரிக்கோலில் இல்லை, வலையிலும் கையாளுதலிலும் இருக்கிறது. அப்போதும் விட்ட குறி மீன்களில் அதே பங்கைக் கழித்தாக வேண்டும்.

முதல் வலைக்கும் இரண்டாவதுக்கும் எத்தனை நாள் இடைவெளி?

ஒரு ஏக்கர் குளத்துக்கு நாலைந்து நாளிலிருந்து ஒரு வாரம் என்று நான் வைத்துக்கொள்கிறேன். குறைந்தால் குறி மீன் கலக்காது, கூடினால் சாவும் திருட்டும் உள்ளே வரும். அன்று மாலையே வலை போட்டால் குறி வைத்த மீன் இன்னும் மிரண்டுபோய் ஓரம் ஒதுங்கியிருக்கும். விட்ட மூலையிலேயே வலை விழுந்தால் R பொய்யாகக் கூடி விடை பாதியாகக் குறையும், எதிர் மூலையில் விழுந்தால் R இல்லாமலே போய் விடை எகிறும்.

கலந்ததா என்று பார்க்க, இரண்டாம் முறை வலையைக் குளத்தின் மூன்று இடத்தில் தனித்தனியாகப் போட்டு ஒவ்வொன்றிலும் குறி மீன் பங்கு என்ன என்று எழுதுங்கள். மேற்கில் 50-க்கு 6, நடுவில் 50-க்கு 7, கிழக்கில் 50-க்கு 5 என்றால் நிம்மதி. 15, 3, 0 என்று வந்தால் கலக்கவில்லை, கூட்டி வகுத்து விடை சொல்லாமல் இன்னும் சில நாள் பொறுங்கள்.

என் குளத்தில் கட்லா, ரோகு, மிர்கால் எல்லாம் கலந்து இருக்கிறது. மொத்தமாக எண்ணலாமா?

கூடாது. பலரும் செய்யும் பெரிய தவறு இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். கட்லா மேல்மட்டத்தில் மேயும், ரோகு நடுவில், மிர்கால் அடியில். இழுவலையின் அடிக்கயிறு சேற்றில் சரியாகப் பதியாத இடத்தில் மிர்காலும் சாதாக் கெண்டையும் கீழே புகுந்து போய்விடும். வெள்ளிக் கெண்டை வலையைத் தாண்டித் துள்ளிக் குதிக்கும். ஆக ஒவ்வொரு இனமும் வலையில் மாட்டும் வாய்ப்பு வேறு வேறு.

எளிமைக்குக் கட்லா 400, மிர்கால் 600, மொத்தம் 1000 உள்ள குளம் என்று வையுங்கள். கட்லா கால்வாசி மாட்டும், மிர்கால் நூற்றுக்கு எட்டுதான் மாட்டும். முதல் நாள் கட்லா 100, மிர்கால் 48, ஆக M 148. இரண்டாம் முறையும் அதேபோல் 100-உம் 48-உம், C 148. அதில் கட்லாவில் 25 குறி மீன், மிர்காலில் 4, ஆக R 29. மொத்தமாகக் கணக்கிட்டால் 148 × 148 / 29 = 755. கால்வாசி மீன் காணாமல் போனது! இப்போது பிரித்துப் பாருங்கள்: கட்லா 100 × 100 / 25 = 400. மிர்கால் 48 × 48 / 4 = 576. கூட்டினால் 976, உண்மைக்குப் பக்கத்தில்.

என்ன நடந்தது? சுலபமாக மாட்டும் மீன்தான் முதல் முறையும் மாட்டுகிறது, இரண்டாம் முறையும் மாட்டுகிறது. அதனால் குறி மீன் பங்கு வலையில் கூடுதலாகத் தெரிகிறது, விடை குறைகிறது. இனம் மட்டுமல்ல, அளவிலும் இதே கதைதான். பெரியது சின்னது என்று இரண்டு தொகுதி இருந்தால் தனித்தனியே எழுதுங்கள். வலைக்கண்ணில் நழுவிப்போகும் அளவுள்ள குஞ்சு இந்தக் கணக்கில் வரவே வராது, வலை பிடிக்கும் அளவுக்கு மேலுள்ள மீனைப் பற்றித்தான் விடை பேசுகிறது.

மிர்கால் கணக்கில் R வெறும் 4 என்பதையும் கவனியுங்கள். பிரித்ததால் சாய்வு போய்விட்டது, ஆனால் அந்த 576 மிகத் தளர்வான எண். இரண்டையும் ஒருசேரப் பெற வேண்டும் என்றால் மிர்காலுக்கு இன்னும் அதிகமாகக் குறி வைக்க வேண்டியதுதான்.

ஒருமுறை வலையில் மாட்டிய மீன் அடுத்த முறை உஷாராகி ஓடிவிடாதா?

ஓடும். கெண்டைக்கு அந்தப் புத்தி உண்டு, தூண்டிலில் இன்னும் நன்றாகத் தெரியும். குறி மீன் வலைக்குப் பயந்தால் R குறைந்து விடை கூடும். மாறாக, தவிடு தூவி இழுத்துப் பிடித்தால் அந்த இடத்துக்குப் பழகிய மீனே திரும்பத் திரும்ப வரும், R கூடி விடை குறையும்.

இதற்கு நான் பார்த்தவரை நல்ல மருந்து, இரண்டு முறையும் வேறு வேறு கருவி. முதலில் இழுவலை, இரண்டாம் முறை வீச்சு வலையைக் குளம் முழுக்கப் பரவலாக வீசுவது. இழுவலைக்குப் பயந்த மீன் வீச்சு வலைக்கும் அதே அளவில் தப்பும் என்று சொல்ல முடியாது. மேலே சொன்ன "சுலபமாக மாட்டும் மீன்" பிரச்சினையும் இதில் பாதி கரைகிறது. ஏனென்றால் கணக்குக்கு எல்லா மீனும் இரண்டு முறையும் சமமாக மாட்ட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, ஒருமுறை சுலபமாக மாட்டியதற்கும் மறுமுறை மாட்டுவதற்கும் தொடர்பு இல்லாமல் இருந்தால் போதும்.

இடையில் யாராவது மீன் பிடித்துவிட்டால் கணக்கு கெட்டுவிடுமா?

எதைப் பிடித்தார்கள் என்பதைப் பொறுத்தது. நீர்க்காகமோ ஆளோ குறி மீன், குறியில்லாத மீன் என்று பார்க்காமல் எடுத்தால் பங்கு மாறாது, விடை முதல் நாள் இருந்த எண்ணிக்கையைச் சொல்லும். துடுப்பு வெட்டுப்பட்டு மெதுவாக நீந்தும் மீனையே பறவை குறிவைத்தால் விடை கூடும். வெளியிலிருந்து புது மீன் வந்தாலும் குறி மீன் பங்கு குறையும், அப்போது விடை இரண்டாம் நாள் எண்ணிக்கையைச் சொல்லும். சாவும் வரவும் இரண்டும் சேர்ந்து நடந்தால் இரண்டு நாளில் எந்த நாளுக்கும் விடை பொருந்தாது, இரண்டு நாள் எண்ணிக்கைக்கும் மேலே போய் நிற்கும். மடைக்கு வலை கட்டிவிட்டுத் தொடங்குங்கள்.

இரண்டாவது வலையில் ஒரு குறி மீன்கூட வரவில்லை. என்ன செய்ய?

எண் எதையும் சொல்லாதீர்கள். சாப்மன் சூத்திரம் R பூஜ்யமாக இருந்தாலும் ஒரு எண்ணைக் கக்கும், அதற்குப் பொருள் இல்லை. குறைந்தது ஏழெட்டுக் குறி மீன் வரும்வரை தொடர்ந்து பிடியுங்கள்.

ஒரே நாளில் நிறைய மீன் பிடிக்க ஆள் இல்லை. கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யலாமா?

செய்யலாம், சின்னக் குளத்துக்கு எனக்கு இதுதான் அதிகம் பிடித்த வழி. ஷ்னாபெல் என்ற கணிதவியலாளர் 1938-இல் ஏரி மீனுக்காகவே எழுதிய முறை இது. சில நாள் இடைவெளியில் வலை போடுகிறோம், ஒவ்வொரு முறையும் குறி மீனை எண்ணி, குறியில்லாதவற்றுக்குக் குறி வைத்து, எல்லாவற்றையும் விடுகிறோம்.

முதல் வலையில் 60 மீன், எல்லாவற்றுக்கும் குறி. இரண்டாவதில் 70, அதில் 5 குறி மீன், மீதி 65-க்கும் குறி வைத்ததால் குளத்தில் இப்போது 125 குறி மீன். மூன்றாவதில் 65, அதில் 9 குறி மீன், புதிதாக 56, ஆக 181. நான்காவதில் 80, அதில் 15. இப்போது ஒவ்வொரு வலையிலும், அப்போது குளத்தில் இருந்த குறி மீனை அன்று பிடித்த மொத்தத்தால் பெருக்கிக் கூட்டுங்கள்:

```
60×70 + 125×65 + 181×80 = 26805
R: 5 + 9 + 15 = 29
26805 / (29 + 1) ≈ 894
```

ஒரே நாளில் யாரும் 80 மீனுக்கு மேல் தொடவில்லை, ஆனால் R 29 கிடைத்துவிட்டது. இன்னொரு ஆதாயம், தப்பு நடந்தால் இது காட்டிக்கொடுக்கும். ஒவ்வொரு வலைக்கும் தனியாக விடை போட்டுப் பாருங்கள்: 840, 903, 965. மெல்ல ஏறுகிறது, ஆனால் 5, 9, 15 போன்ற சின்ன எண்களில் இந்த அளவு ஆட்டம் இயல்பு. அதுவே 840, 1300, 2100 என்று ஏறினால் குறி மீன் சாகிறது அல்லது வலைக்குத் தப்புகிறது என்று பொருள், உடனே நிறுத்திவிட்டு ஹாப்பா சோதனை செய்யுங்கள்.

இதை யார் கண்டுபிடித்தது?

மீன்வளத்தில் இது பீட்டர்சன் பெயரில் வழங்குகிறது. டென்மார்க்கைச் சேர்ந்த அவர் 1890-களில் லிம்ஃபியோர்டு என்ற கடற்கழியில் தட்டை மீன்களுக்குக் குறி வைத்து விட்டார். 1930-இல் அமெரிக்காவில் லிங்கன் காட்டு வாத்துகளுக்கு வளையம் மாட்டி, வேட்டைக்காரர்கள் திருப்பி அனுப்பிய வளையங்களை வைத்து இதே கணக்கைப் போட்டார். அதனால் லிங்கன்-பீட்டர்சன் முறை என்று இரண்டு பெயரையும் சேர்த்துச் சொல்வார்கள். இவர்களுக்கெல்லாம் முன்பே, 1802-இல் லாப்லாஸ் பிறப்புப் பதிவேடுகளைக் குறி போலப் பயன்படுத்தி பிரான்ஸ் நாட்டு மக்கள்தொகையை மதிப்பிட்டிருக்கிறார்.

குளத்தில் இறங்குவதற்கு முன் வீட்டில் பழகிப் பார்க்க வழி உண்டா?

உண்டு, பிள்ளைகளோடு செய்யலாம். ஒரு பாத்திரத்தில் காய்ந்த மொச்சையை எண்ணாமல் கொட்டுங்கள், ஒரு படி போதும். கைப்பிடி எடுத்து ஒவ்வொன்றிலும் பேனாவால் புள்ளி வைத்து, எண்ணி, திரும்பப் போட்டு நன்றாகக் கிளறுங்கள். மறுபடி ஒரு கை அள்ளி, எண்ணி, சாப்மன் சூத்திரத்தில் போடுங்கள். விடையை எழுதிவிட்டு அள்ளியதைத் திரும்பப் போட்டுக் கிளறி மறுபடி அள்ளுங்கள், பத்து முறை. பத்து விடையும் எவ்வளவு தூரம் விலகி நிற்கின்றன என்று பார்த்தபின், கடைசியில் மொச்சையை ஒவ்வொன்றாக எண்ணுங்கள். பிறகு ஒருமுறை கிளறாமல் அள்ளிப் பாருங்கள், குறி மீனை ஒரே மூலையில் விட்டால் என்ன ஆகும் என்பது அப்போது கைக்கே தெரியும்.